திரி ஹீட்டர் புகைகிறதா? கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

ஜப்பானுக்குக் குடிபோகும் தமிழர்களில் பலருக்கு முதல் குளிர்காலத்தில்தான் இந்தக் கருவி அறிமுகமாகிறது. முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி, முன்னால் கம்பி வலை, அதன் பின்னே செக்கச்சிவக்கப் பழுத்து நிற்கும் ஓர் உருளை. மண்ணெண்ணெயில் ஓடும் திரி ஹீட்டர். எரிவதற்கு மின்சாரம் வேண்டாம். பற்றவைக்க மட்டும் பேட்டரி போதும். அதனால்தான் நிலநடுக்கமும் பனிப்புயலும் அடிக்கடி மின்சாரத்தை அறுக்கிற ஊர்களில் இன்றும் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. சில வாடகைக் குடியிருப்புகளில் மண்ணெண்ணெய் ஹீட்டருக்கே தடை உண்டு. ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த ஹீட்டர் புகைந்தாலோ நாறினாலோ நம்மவர் செய்கிற முதல் காரியம் ஒன்று உண்டு. ஊரில் பத்துத் திரி ஸ்டவ் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர் என்றால் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். அங்கே அது சரியான வைத்தியம்தான். பஞ்சுத் திரியின் நுனி கருகிவிடும். கருகியதை வெட்டி, திரிகளைச் சற்றே மேலே இழுத்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குச் சமப்படுத்தினால் புகை நின்றுவிடும். ஹீட்டரின் திரி அப்படிப்பட்டதல்ல. அதை வெட்டினால் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகும்.

காரணம் திரியின் அமைப்பிலேயே இருக்கிறது. இது தனித்தனித் திரிகளின் கூட்டம் இல்லை. ஒரே துண்டு, உள்ளீடற்ற வட்ட உருளை வடிவம். கீழ்ப்பாதி பஞ்சு, எண்ணெயை உறிஞ்சி மேலேற்றுவது அதன் வேலை. மேல் விளிம்பு கண்ணாடி இழை. சுடர் நிற்பது அங்கே. கண்ணாடி இழை எரியாது, எண்ணெய் ஆவிதான் எரிகிறது. பஞ்சுத் திரி நாளுக்கு நாள் தேய்வது போல இது தேய்வதில்லை. அதனால் வளர்த்துவிட உபரி நீளமும் வைக்கப்படவில்லை. திரியின் பக்கவாட்டில் இருக்கும் ஊசிகளோ துளைகளோ அதைத் தாங்கியில் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துகின்றன. குமிழைக் கடைசி வரை திருப்பினால் திரி எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பது தொழிற்சாலையில் மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. அதில் இரண்டு மில்லிமீட்டரை நீங்கள் வெட்டி எடுத்தால் சுடர் என்றென்றைக்கும் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தே எரியும். தாழ்ந்த சுடர் ஏன் நாறும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

எப்போது நாறுகிறது?

கருவியைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பற்றவைத்த முதல் சில நிமிடங்களிலும் அணைத்த பிறகு சில நிமிடங்களிலும் வாடை வருவது இயல்பு. தொடக்கத்தில் உலோகப் பாகங்கள் சூடேறும் வரை ஆவி முழுதாக எரிவதில்லை. அணைக்கும்போது சுடர் போய்விடுகிறது, ஆனால் சூடான திரியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது. இதற்கு வைத்தியம் கிடையாது; அணைத்ததும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும். புதிய ஹீட்டர் என்றால் உள்ளே பூசிய துருத்தடுப்பு எண்ணெய் முதல் தடவை கருகும். அதுவும் தானாகப் போய்விடும்.

கவலைப்பட வேண்டியது நடுவில் வரும் வாடையைத்தான். அரை மணி நேரமாக நிதானமாக எரிகிற ஹீட்டர் நாறக் கூடாது. கண் எரிகிறது, சுவரில் கரி படிகிறது, உருளையின் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் கறுத்துக் கிடக்கிறது என்றால் எரிதல் அரைகுறையாக நடக்கிறது. அரைகுறை எரிதலின் இன்னொரு விளைபொருள் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடையே இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என எது வந்தாலும் ஆராய்ச்சியைத் தள்ளிப்போடுங்கள். ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். நன்றாக எரிகிற ஹீட்டருக்கும்கூட மணிக்கு ஒன்றிரண்டு தடவை, ஓரிரு நிமிடமாவது காற்று மாற வேண்டும் என்று கையேடுகள் எழுதியிருக்கின்றன. குளிருக்குப் பயந்து இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். தூங்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும் என்பதில் விதிவிலக்கு வேண்டாம்.

இன்னொன்று, வாடை ஹீட்டருடையதுதானா என்றும் பாருங்கள். பெயின்ட், தரைக்குப் போடும் மெழுகு, தலைக்கு அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றின் ஆவி சுடர் வழியாகப் போனால் வினோதமான நாற்றமாக மாறி வரும். பழுது பார்ப்பவரும் கண்டுபிடிக்க முடியாமல் விழிக்கும் கேஸ்களில் இதுவும் ஒன்று.

இரண்டு எளிய காரணங்கள்

புகைக்கு மிகச் சாதாரணமான காரணம் திரியில் இல்லை. திரிக்கு மேலே உட்காரும் உருளையில் இருக்கிறது. வெளியே கண்ணாடி, உள்ளே துளை நிறைந்த உலோகச் சுற்றுகள். இதை எரிகூடு என்று வைத்துக்கொள்வோம். சுடருக்கு வேண்டிய காற்றை அளந்து கொடுப்பது அந்தத் துளைகள்தான். எரிகூடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றால் காற்று தாறுமாறாக நுழையும். ஒரு பக்கம் சுடர் நாக்கு நீட்டி, கரி கக்கும். தீக்குச்சியால் பற்றவைப்பவர்கள் எரிகூட்டைத் தூக்கிவிட்டுத் திரும்ப வைக்கும்போது இது அடிக்கடி நடக்கும். ஹீட்டரை நகர்த்தினாலும் நடக்கும். எரிகூட்டின் கம்பிப் பிடியைப் பிடித்து இரண்டு மூன்று முறை இடமும் வலமும் அசையுங்கள். சரியாக உட்கார்ந்தால் தடையின்றி அசையும். ஒவ்வொரு தடவை பற்றவைத்ததும் இதைச் செய்வது நல்ல பழக்கம். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துபோகும் என்பது என் கணிப்பு.

அடுத்த காரணம் சிக்கனம். எண்ணெய் மிச்சமாகட்டும் என்று குமிழைத் திருப்பிச் சுடரைத் தாழ்த்தி வைப்பார்கள். காஸ் ஸ்டவ்வில் 'சிம்' வைப்பது போல. திரி ஹீட்டர் அப்படி வேலை செய்யாது. எரிகூடு நன்றாகப் பழுத்திருந்தால்தான் ஆவி முழுதாக எரியும். சுடரைத் தாழ்த்தினால் எரிகூடு குளிர்ந்து கறுக்கும். எரியாத ஆவி அறைக்குள் வாடையாக வரும். மிச்சம் திரியின் மேல் தாராகப் படியும். கையேடு அனுமதிக்கிற குறைந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. அறை சூடு அதிகமானால் ஹீட்டரை அணைப்பதே சரி. மறுபக்கம், குமிழை எல்லைக்கு மேல் ஏற்றினால் எரிகூட்டின் தலைக்கு மேலே மஞ்சள் சுடர் எட்டிப்பார்க்கும். அதுவும் கரியில்தான் முடியும். உருளை முழுக்க ஒரே சிவப்பாக இருக்கும் இடமே சரியான இடம்.

கதவிடுக்கில் வரும் காற்று நேராக அடித்தாலும், தரை சமமில்லாமல் ஹீட்டர் சாய்ந்து நின்றாலும் சுடர் ஒரு பக்கம் தாழும். இடத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

மாட்சுமோட்டோவில் ஒரு வீடு

இதெல்லாம் சரியாக இருந்தும் நாறுகிறது என்றால் எண்ணெய், திரி என்று இரண்டுதான் பாக்கி. பெரும்பாலும் முதலில் கெட்டது எண்ணெய். அது திரியையும் கெடுத்திருக்கும். ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

நாகானோ மாகாணத்து மாட்சுமோட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்துக்கு ஐந்து டிகிரி கீழே போகிற மலையூர். நவம்பரில் ஒரு குடும்பம் பரணிலிருந்து ஹீட்டரை இறக்குகிறது. போன மார்ச்சில் கடைசியாக எரித்தது. டாங்கில் கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்தது. மேலே புதியதை ஊற்றினார்கள். பால்கனியில் கோடை முழுக்க வெயில் காய்ந்த கேனிலும் பாதி எண்ணெய் இருந்தது. அதுவும் உள்ளே போனது. பற்றவைத்தால் சுடர் சிறியதாக நிற்கிறது, எரிகூடு பாதிதான் சிவக்கிறது, வீடு முழுக்கப் புளித்த வாடை. குமிழ் திருப்பவே கடினமாக இருக்கிறது. அணைக்கப் போனால் திரி கீழே இறங்க மறுக்கிறது.

புளித்த வாடை, இறுகிய குமிழ், இறங்காத திரி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தீர்ப்பு ஏறத்தாழ உறுதி: எண்ணெய் கெட்டுவிட்டது. மண்ணெண்ணெய் வெயிலிலும் சூட்டிலும் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி உண்டாகும் பொருள்கள் எளிதில் ஆவியாகாமல் திரியின் நுனியிலேயே தாராக இறுகிவிடும். திரி தாங்கியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குமிழ் இறுகுகிறது. இது வெறும் தொந்தரவு இல்லை. குலுக்கல் வந்தால் திரியைப் படக்கென்று கீழே இழுத்து அணைக்கிற பாதுகாப்பு இதே திரியின் நகர்வை நம்பித்தான் இருக்கிறது. ஒட்டிய திரி நிலநடுக்கத்தில் இறங்காது.

எண்ணெயைச் சோதிப்பது எளிது. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் தண்ணீர், மற்றதில் கேன் எண்ணெய். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நல்ல எண்ணெய் தண்ணீரைப் போலவே நிறமற்று இருக்கும். லேசான மஞ்சள் தெரிந்தாலே அது கழிவு. நம் ஊர் ரேஷன் மண்ணெண்ணெய் கலப்படத்தைத் தடுக்க நீலச் சாயம் ஏற்றியது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிறமில்லாத எண்ணெய் புதிது. அதனாலேயே ஒரு ஆபத்தும் உண்டு: குடிதண்ணீர் பாட்டிலில் இதை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். டம்ளரின் அடியில் குமிழ் குமிழாகத் தனித்து நிற்பது தண்ணீர். கேன் மூடி தளர்ந்திருந்தாலும், குளிர்ந்த டாங்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்தாலும் தண்ணீர் சேரும். தண்ணீர் ஏறிய திரி எண்ணெயை உறிஞ்சாது. சுடர் சுருங்கி, படபடவென்று பொரியும்.

மாட்சுமோட்டோக் குடும்பம் செய்ய வேண்டியது இது. மேலே செருகும் டாங்கை எடுத்துக் காலி செய்வது. ஹீட்டரின் அடியில் நிலையாக இருக்கும் சிறு தொட்டியில் தேங்கியதைக் கைப் பம்பாலும், மூலையில் மிஞ்சியதைச் சொட்டுக்குழாயாலும் உறிஞ்சி எடுப்பது. புதிய எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி அலசி, மறுபடி எடுத்துவிடுவது; இரண்டு மூன்று முறை. பழைய எண்ணெயை வடிகாலில் கொட்டக் கூடாது, புது எண்ணெயோடு கலந்து தீர்க்கவும் கூடாது. வாங்கிய பெட்ரோல் பங்கில் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் திரியின் முறை.

உலர எரிப்பது

கண்ணாடி இழைத் திரிக்கு நாம் செய்யக்கூடிய ஒரே சுத்தம், எண்ணெய் இல்லாமல் அதை எரியவிடுவது. ஜப்பானியர் காராயாகி என்பார்கள். எண்ணெய் தீரத் தீரச் சுடர் திரியின் நுனிக்கே இறங்கி வந்து, படிந்திருக்கிற தாரையே எரிபொருளாகத் தின்று தீர்க்கும். இழை கண்ணாடி என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. எச்சரிக்கை ஒன்று: உங்கள் மாடலின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதைக் கூடத்தில் செய்யாதீர்கள், வாடை தாங்காது. காற்று நேரடியாக அடிக்காத, ஆனால் திறப்பு நிறைய உள்ள இடம் வேண்டும். கார் நிற்கும் கொட்டகை, அகலத் திறந்த வாசல் போல. ஆனால் அங்கே பெட்ரோல் கேனோ காரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. செருகு டாங்கை எடுத்து வெளியே வையுங்கள். அடித்தொட்டியில் எஞ்சியதை முடிந்தவரை உறிஞ்சிவிடுங்கள். உறிஞ்சாமல் விட்டால் காத்திருப்பு நீளும். ஓர் அறைக்கான 2.4 கிலோவாட் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகவே எரிக்கும். தொட்டியில் அரை லிட்டர் கிடந்தால் இரண்டு மணி நேரம் ஓடும்.

பற்றவைத்துக் குமிழை முழு உயரத்தில் வையுங்கள். முதலில் வழக்கம்போல எரியும். பிறகு சுடர் குட்டையாகும், எரிகூட்டின் சிவப்பு மங்கும், வாடை ஏறும். பலர் பயந்து அணைப்பது இந்தக் கட்டத்தில்தான். சுத்தம் நடப்பதோ இப்போதுதான். திரியை இறக்காதீர்கள். சுடர் தானாகச் செத்து, திரியின் விளிம்பில் ஓடுகிற சிறு கங்குகளும் அணையும் வரை திரி மேலேயே நிற்கட்டும். அதுவரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முழுக்க ஆறிய பிறகு எரிகூட்டை எடுத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் திரியின் விளிம்பை மெல்லத் தடவுங்கள். சாம்பல் உதிரும். ஈரத்துணி வேண்டாம், கழுவவும் வேண்டாம். விரலால் தொட்டுப் பாருங்கள். நிறம் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. எரிந்த கண்ணாடி இழை கறுப்பாகத்தான் இருக்கும். மெத்தென்று இருக்கிறதா, பொருக்குத் தட்டியது போல இறுகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இறுக்கம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை உலர எரிக்கலாம். குமிழைத் திருப்பித் திரி ஏறி இறங்குவதையும் பாருங்கள்.

நல்ல எண்ணெய் ஊற்றிய பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் பற்றவைக்க வேண்டும். எண்ணெய் பஞ்சு வழியாக ஏறி விளிம்பை எட்ட அவ்வளவு நேரம் ஆகும். உடனே பற்றவைத்தால் வறண்ட விளிம்பில் சுடர் தத்தளிக்கும், மறுபடி வாடை வரும், சுத்தம் பலிக்கவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

மாட்சுமோட்டோ ஹீட்டரைப் போல எட்டு மாதம் கெட்ட எண்ணெயில் ஊறிய திரி இதற்கெல்லாம் மசியாமல் போகலாம். இரண்டு முறை உலர எரித்தும் குமிழ் இறுக்கமாகவே இருந்தால் திரியை மாற்றுவதுதான் வழி. கடையில் ஹீட்டரின் மாடல் எண்ணைச் சொல்லி, 'கயே-ஷின்' என்று கேளுங்கள். விட்டம் ஒன்றாக இருப்பதால் இன்னொரு மாடலின் திரி பொருந்துவதுபோலத் தோன்றும், உயரம் மாறிவிடும். திரியில் உள்ள குறியைத் தாங்கியின் குறியோடு பொருத்தி, சுற்றளவு முழுக்க ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். வேலை முடிந்ததும் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே ஹீட்டரைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். திரி படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஹீட்டரைப் பற்றவைக்கக் கூடாது.

வெட்டலாம் என்கிற இடம்

கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. முழுப் பஞ்சுத் திரியில் ஓடும் ஹீட்டர்கள் இருக்கின்றன. இவற்றை உலர எரிக்கக் கூடாது. எண்ணெய் இல்லாத பஞ்சு தானே கருகி விளிம்பு குட்டையாகிவிடும். அலாடின் நீலச்சுடர் ஹீட்டர் போன்றவற்றுக்குத் திரியைச் சீராக்கத் தனியாக ஒரு சிறு வட்டக் கருவி உண்டு. ஆறிய பிறகு திரியைக் கையேடு சொல்கிற உயரத்துக்கு ஏற்றி, கருவியை அதன் தலையில் வைத்துச் சுழற்றினால் கருகிய படிவம் சீராக வழிக்கப்பட்டு வந்துவிடும். அழுத்தாமல் சுழற்ற வேண்டும். எப்போதும் ஒரே திசையில். திசை மாறினால் இழைகள் பிரிந்து நிற்கும். சுழற்றிய பின்பும் மீசை போல ஓர் இழை துருத்திக்கொண்டு நின்றால் அந்த ஓர் இழையை மட்டும் கூர்மையான சிறு கத்தரியால் விளிம்போடு வெட்டலாம். எங்கே துருத்தல் இருக்கிறது என்பதைச் சுடரே காட்டும்: நீல வளையத்தில் எந்த இடத்தில் மஞ்சள் நாக்கு நிற்கிறதோ, அதற்கு நேர் கீழே பாருங்கள்.

கண்ணாடி இழைத் திரியிலும் தனியாகப் பிரிந்த ஓர் இழையை இப்படி நறுக்கலாம். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம்.

எண்ணெய் ஊற்றுவது

வாங்குவதிலிருந்து தொடங்குவோம். ஜப்பானில் வீட்டு ஹீட்டருக்கான மண்ணெண்ணெய் 'தோயு'. ஜேஐஎஸ் முதல் தர எண்ணெயில் கந்தகம் 0.008 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாடை குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். அமெரிக்காவில் இருப்பவர்கள் கே-1 என்று எழுதிய தரத்தையே வாங்க வேண்டும். அதன் கந்தக எல்லை 0.04 சதவீதம். கே-2 அதைவிடப் பல மடங்கு கந்தகம் கொண்டது. புகைபோக்கி இல்லாத ஹீட்டருக்கு ஆகாது.

கேன் வழக்கமாக 18 லிட்டர். தோக்கியோ பக்கம் சிவப்பு, ஒசாகா பக்கம் நீலம். நிறம் ஏதானாலும் மண்ணெண்ணெய்க்கென்றே செய்த கேனாக இருக்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கேனில் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஐந்து ஆண்டு ஆனால் கேனை மாற்றிவிடுவது நல்லது. கேனை நிழலில், வெயிலும் மழையும் படாத இடத்தில் வையுங்கள்.

பெட்ரோல் கலந்துவிட்டதோ என்ற சந்தேகம் உயிர் சம்பந்தப்பட்டது. மண்ணெண்ணெய் 40 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி பொறியில் பற்றும். பெட்ரோலின் ஆவியோ உறைபனிக் குளிரிலும் பற்றும். தோட்ட இயந்திரத்துக்கு வைத்த பெட்ரோலும் ஹீட்டர் எண்ணெயும் ஒரே கொட்டகையில், ஒரே மாதிரிக் கேனில் இருப்பதே பல விபத்துகளின் தொடக்கம். நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் ஒரு துளியை விரல் நுனியில் தொட்டு ஊதுங்கள். பெட்ரோல் சில்லென்று உடனே காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் ஈரமாகவே நிற்கும். சிறிதளவு கலந்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தக் கேனை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள்.

ஊற்றும்போது தீப்பிடிக்கிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். இரவு எட்டு மணி, ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் தீரப்போகிறது. அணைத்தால் அறை குளிர்ந்துவிடும் என்று, எரிய எரியவே டாங்கை உருவி எடுக்கிறார்கள். நிரப்பி, மூடியை அவசரமாகத் திருகுகிறார்கள். அது கோணலாகப் பிடித்திருக்கிறது. டாங்கை ஹீட்டரில் செருகும்போது மூடி கீழே பார்க்கும்படித் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பிய கணத்தில் மூடி கழன்று, மூன்று லிட்டருக்கு மேல் எண்ணெய் பழுத்த எரிகூட்டின் மேல் கொட்டுகிறது. 2009 ஏப்ரலில் ஜப்பானில் எண்ணெய் ஹீட்டர்கள் அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டன; 2011 ஏப்ரல் முதல் பிஎஸ்சி குறியோடுதான் விற்கப்பட வேண்டும். அதற்குப் பிந்தைய டாங்குகளில் மூடி பூட்டியதைச் சத்தத்தாலோ குறியாலோ அறியலாம். டாங்கைத் தூக்கினாலே அணைகிற மாடல்களும் உண்டு. பழைய பொருள் கடையில் மலிவாக வாங்கிய ஹீட்டரில் இவை இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள். குறியைத் தேடிப் பாருங்கள்.

ஆகவே ஒழுங்கு இது. அணையுங்கள். சுடர் போய்விட்டதைக் குனிந்து கண்ணால் பாருங்கள். டாங்கை எடுத்துக்கொண்டு ஹீட்டர் இருக்கும் அறையை விட்டு வெளியே, வாசல் திண்ணையிலோ பால்கனியிலோ வைத்து ஊற்றுங்கள். கைப் பம்பு என்றால் டாங்கின் அளவுகாட்டியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். எண்ணெய் ஓடத் தொடங்கினால் நீங்கள் அமுக்காவிட்டாலும் தானே ஓடும். நிறுத்துவது தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினால்தான். குறிக்கு மேலே ஒரு சொட்டும் வேண்டாம். வெளியே மைனஸ் ஐந்தில் கிடந்த எண்ணெய் இருபது டிகிரி அறைக்குள் வந்தால் விரியும். 3.6 லிட்டர் டாங்கில் அந்த விரிவு ஏறத்தாழ 80 மில்லி. விளிம்பு வரை நிரப்பிய டாங்கு நள்ளிரவில் கசிவது இதனால்தான். வீடு நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடியதும் பழைய செய்தித்தாளின் மேல் டாங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து வரை எண்ணுங்கள். சொட்டாவிட்டால் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து ஹீட்டருக்குள் வையுங்கள். துடைத்த துணியையும் தாளையும் ஹீட்டர் பக்கத்தில் போடாதீர்கள். டாங்கு தனியாக வராத, ஹீட்டரிலேயே ஊற்ற வேண்டிய வட்ட மாடல் என்றால் விதி இன்னும் கடுமை: கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அரை மணி நேரம் குளிரைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணெய் அளவைச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்து வைப்பவருக்கு அந்தப் பிரச்சினை வராது.

மார்ச் மாதத்திலேயே எண்ணெய் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேனை முழுதாக வாங்காமல் பத்து லிட்டர் போதுமா என்று பாருங்கள். குளிர் விட்டதும் டாங்கையும் அடித்தொட்டியையும் காலி செய்து, கண்ணாடி இழைத் திரி என்றால் ஒருமுறை உலர எரித்து, பேட்டரியைக் கழற்றி, தூசி புகாமல் பெட்டியில் மூடி வையுங்கள். கேனையும் காயவைத்து மூடுங்கள். அடுத்த நவம்பரில் ஊற்றுவது அந்த நவம்பரில் வாங்கிய எண்ணெயாகவே இருக்கட்டும்.